யூரியா போடலாமா? தமிழில் தேடும் கணினி கற்க வேண்டிய வேறுபாடு

"நெல்லு எல நுனியிலேருந்து ஓரமா மஞ்சளாயி காஞ்சுகிட்டே வருது, யூரியா போடலாமா?"

டெல்டா மாவட்டங்களில் எந்த உரக்கடையில் நின்றாலும் காதில் விழக்கூடிய கேள்வி இது. இதே கேள்வியைக் கைபேசியில் தட்டியோ பேசியோ தேடினால், வேளாண் குறிப்புகள் நிறைந்த ஒரு தளம் எந்தப் பத்தியை முதலில் எடுத்துக் காட்ட வேண்டும்?

போட்டியில் இரண்டு பத்திகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் பத்தி தழைச்சத்துப் பற்றாக்குறை பற்றியது. அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகும், யூரியாவைப் பிரித்து மேலுரமாக இட வேண்டும் என்று அது சொல்கிறது. இரண்டாவது பத்தி பாக்டீரியா இலைக்கருகல் நோய் பற்றியது. நுனியில் தொடங்கி விளிம்பு வழியே அலை அலையாக மஞ்சள் இறங்கும், பின் வைக்கோல் நிறமாகிக் காயும், இந்நிலையில் தழைச்சத்து உரமிடுவதைத் தள்ளிப்போட வேண்டும் என்கிறது. கேட்டவர் 'ஓரமா' என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு சொல் இரண்டாவது பத்தியைத்தான் காட்டுகிறது. முதல் பத்தியைக் காட்டினால் அவர் நோயுற்ற வயலுக்கு யூரியா போடுவார், நோய் இன்னும் பரவும். இரண்டு பத்தியும் ஒரே பயிரைப் பற்றியவை, சொற்களும் பெரும்பாலும் ஒன்றே. ஆனால் அறிவுரை நேர் எதிர்.

சொல்லுக்குச் சொல் ஒப்பிடும் பழைய முறை இங்கே என்ன செய்யும் என்று முதலில் பார்ப்போம். BM25 என்ற கணக்கீடு 1990-களிலிருந்து தேடுபொறிகளின் முதுகெலும்பு. கேள்வியிலுள்ள சொல் பத்தியில் எத்தனை முறை வருகிறது, அந்தச் சொல் எவ்வளவு அரிதானது என்பதை வைத்து அது மதிப்பெண் போடும். நம் கேள்வியில் 'யூரியா' இருக்கிறது. அந்தச் சொல் முதல் பத்தியில் மட்டும்தான் உள்ளது. இரண்டாவது பத்தியோ 'தழைச்சத்து உரம்' என்கிறது. ஆகவே தவறான பத்திதான் முன்னே வரும். இதற்கு மேல் தமிழுக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. இலை, இலையின், இலைகளில், இலைக்கு, 'எல' எல்லாமே BM25-க்குத் தனித்தனிச் சொற்கள். ஒட்டுகளை வெட்டியெடுத்து வேர்ச்சொல்லைத் தராவிட்டால் அதற்கு ஒன்றும் பிடிபடாது. 'சௌசௌ' என்ற காய்கறியின் பெயரைப் பலர் 'ெ' குறியும் 'ள' எழுத்துமாக, 'செளசெள' என்று தட்டுகிறார்கள். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். கணினிக்கு அது வேறு சொல். ஒருங்குறியின் வழக்கமான சீராக்கலான NFC, 'ொ' என்ற குறியை இரண்டாகப் பிரித்துத் தட்டியிருந்தால் சேர்த்துவிடும், ஆனால் இந்த 'ெள' பிழையைத் தொடாது. அதற்குத் தனியாக ஒரு திருத்த விதி எழுதித்தான் ஆக வேண்டும்.

இந்த இடத்தில்தான் எம்பெடிங் மாடல் வருகிறது. அது ஒரு வாக்கியத்தையோ பத்தியையோ படித்து, அதைச் சில நூறு எண்கள் கொண்ட வரிசையாக மாற்றித் தரும். பொருளில் நெருங்கிய இரண்டு உரைகளின் எண்வரிசைகளும் நெருங்கியிருக்க வேண்டும் என்பதுதான் அதன் பயிற்சி. 2019-ல் நில்ஸ் ரைமர்ஸ், இரினா குரேவிச் இருவரும் வெளியிட்ட சென்டன்ஸ் பெர்ட் இந்த வழியைப் பலர் கைக்கும் எட்டச் செய்தது. இன்று தமிழுக்குத் தொடங்க ஏற்ற மாடல்களில் ஒன்று மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்களின் `multilingual-e5-base`. ஒவ்வோர் உரைக்கும் 768 எண்கள் தரும். பத்திகளை முன்கூட்டியே எண்களாக்கிச் சேமித்து வைத்து, கேள்வி வந்ததும் அதையும் எண்களாக்கி, எது நெருக்கம் என்று பார்த்தால் தேடல் முடிந்தது.

'எல' என்றாலும் 'இலைகளில்' என்றாலும் இத்தகைய மாடலுக்கு ஓரளவு புரியும். ஆனால் நம் கேள்விக்கு இதுவும் பெரும்பாலும் தடுமாறும். நெல், மஞ்சள், இலை நுனி, உரம் என்று ஒரே உலகத்தைப் பேசுவதால் இரண்டு பத்திகளும் கேள்விக்கு ஏறக்குறைய ஒரே தூரத்தில் வந்து நிற்கும். காரணம் பயிற்சியில் இருக்கிறது. இந்த மாடல் முதலில் பல மொழிகளில் சுமார் 100 கோடி உரை இணைகளைக் கண்டது. அதில் பொதுவான நெருக்கத்தைக் கற்றது. நுட்பமான வேறுபாடு கற்பிக்கும் இரண்டாம் கட்டத்தில், ஆங்கிலத் தொகுப்புகளோடு, பல மொழிகளில் மனிதர்கள் கேள்வி–பத்தி பொருத்தம் பார்த்துத் தந்த மிஸ்டர் டைடி, மிராக்கிள் என்ற தொகுப்புகளும் பயன்பட்டன. மிராக்கிளில் 18 மொழிகள். இந்தி, வங்காளம், தெலுங்கு மூன்றும் உண்டு, தமிழ் இல்லை. மிஸ்டர் டைடியிலும் தெலுங்கும் வங்காளமும் உண்டு, தமிழ் இல்லை. ஆக, அந்தக் கட்டத்தைத் தமிழுக்கு நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஃபைன் டியூனிங் என்று சொல்வது இதைத்தான்: ஏற்கெனவே தேர்ந்த மாடலுக்கு நம் துறையின் கேள்வி–பத்தி இணைகளைக் காட்டி மேலும் கொஞ்சம் பழக்குவது.

பழக்கும் முறை சுருக்கமாக இது. 32 கேள்விகளையும் அவற்றுக்குச் சரியான 32 பத்திகளையும் ஒரு தொகுதியாகக் கொடுக்கிறோம். ஒவ்வொரு கேள்விக்கும் அதன் சொந்தப் பத்தி சரி, மற்ற 31 பத்திகளும் தவறு. சரியானது நெருங்கவும் தவறானவை விலகவும் மாடல் தன் எண்களைத் திருத்திக்கொள்கிறது. தவறான பத்தியை யாரும் தேடித் தர வேண்டியதில்லை என்பது இதன் வசதி. ஆனால் அந்த 31 பத்திகளில் ஒன்று மாட்டுக்கு மடிநோய், ஒன்று வாழைக்கன்று நேர்த்தி, ஒன்று சொட்டுநீர் மானியம் என்று இருந்தால் என்ன ஆகும்?

கணக்காகவே பார்த்துவிடலாம். E5 குடும்ப மாடல்கள் எதற்கும் 0.7-க்கு மேல்தான் நெருக்க மதிப்பெண் போடும், அது அவற்றின் இயல்பு. ஆகவே மதிப்பெண்ணின் அளவைவிட எது முன், எது பின் என்பதே முக்கியம். உதாரணத்துக்கு, நம் கேள்விக்கு இலைக்கருகல் பத்தி 0.84, சம்பந்தமில்லாத 31 பத்திகளும் தலா 0.74 என்று வைப்போம். பயிற்சிக் கணக்கில் இந்த இடைவெளியை 100-ஆல் பெருக்கி, எதைச் சரியான பத்தி என்று மாடல் நம்புகிறது என்பதை நிகழ்தகவாக்குவார்கள். கணக்குப் போட்டால் இலைக்கருகல் பத்திக்கு 99.9 சதவீதம் கிடைக்கிறது. மாடலுக்குத் திருத்திக்கொள்ள ஒன்றுமே இல்லை. கேள்விக்குச் சரியான விடை தனக்குத் தெரியும் என்றே அது நினைத்துக்கொண்டிருக்கும். இப்போது அந்தத் தொகுதியில் தழைச்சத்துப் பற்றாக்குறைப் பத்தியையும் 'இது தவறு' என்று சேர்க்கிறோம். அதன் மதிப்பெண் 0.85. உடனே இலைக்கருகல் பத்திக்கான நம்பிக்கை 27 சதவீதமாகச் சரிகிறது. இந்த ஒரே பத்தி, மற்ற 31-ஆலும் முடியாததைச் செய்துவிட்டது. மாடல் எங்கே குழம்புகிறது என்று அதற்கே காட்டிவிட்டது.

இப்படி, சரியானது போலவே தோன்றி உண்மையில் தவறாக இருக்கும் பத்தியைத்தான் ஹார்ட் நெகட்டிவ் என்கிறார்கள். 2020-ல் ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் வெளியிட்ட டி.பி.ஆர். முறையில், கேள்வியோடு சொற்கள் ஒத்துப்போகும், ஆனால் விடை இல்லாத ஒரு பத்தியை BM25 மூலம் எடுத்து ஒவ்வொரு கேள்விக்கும் சேர்த்தார்கள். தேடல் தெளிவாக மேம்பட்டது. இப்போது பலர் மாடலைக்கொண்டே தேடி, அது முன்வரிசையில் கொண்டுவரும் தவறான பத்திகளைப் பொறுக்குகிறார்கள். நெல்லுக்கு இரண்டும் வேண்டும் என்பது என் கருத்து. இலையுறைக் கருகல், இலையுறை அழுகல் என்று ஒரு சொல் மட்டுமே மாறும் நோய்ப் பெயர்களை BM25 பிடித்துத் தரும். குருத்து காய்வது, பயிர் வட்டமாகக் கருகுவது போன்ற அறிகுறிக் குழப்பங்களை மாடல் பிடித்துத் தரும்.

பொறுக்கும் வேலையில்தான் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. முன்வரிசையில் வரும் பத்தி, நாம் குறித்து வைத்த பத்தி இல்லை என்பதாலேயே தவறாகிவிடாது. இலைக்கருகல் நோய் பற்றி நம் தொகுப்பில் மூன்று பத்திகள் இருக்கலாம். ஒன்றை மட்டும் சரி என்று குறித்திருப்போம். மற்ற இரண்டும் ஹார்ட் நெகட்டிவாக உள்ளே போனால், சரியான விடையை விலக்கும்படி மாடலுக்கு நாமே சொல்லித்தருகிறோம். இது அபூர்வமாக நடப்பதல்ல. சீனாவின் பைடு ஆய்வாளர்கள் ராக்கெட் கியூ.ஏ. ஆய்வில், புகழ்பெற்ற எம்.எஸ். மார்கோ தொகுப்பில் முன்வரிசையில் வந்து, சரி என்று குறிக்கப்படாத பத்திகளைக் கையால் சோதித்தபோது, அவற்றில் சுமார் 70 சதவீதம் உண்மையில் பொருத்தமான விடைகளாகவே இருந்தன.

இதற்கு இப்போது பரவலாகச் சொல்லப்படும் தீர்வு ஒரு வடிகட்டி. சரியான பத்தியின் மதிப்பெண்ணில் 95 சதவீதத்துக்கு மேல் வாங்கும் எந்தப் பத்தியையும் ஹார்ட் நெகட்டிவாக எடுக்காதே என்பது விதி. 2024-ல் என்விடியா ஆய்வாளர்கள் இதைப் பயன்படுத்தி நல்ல பலன் கண்டார்கள். நம் உதாரணத்தில் அதைப் போட்டுப் பாருங்கள். 0.84-ல் 95 சதவீதம் 0.798. தழைச்சத்துப் பத்தியோ 0.85. வடிகட்டி அதைத் தூக்கி எறிந்துவிடும். நமக்கு மிகவும் தேவைப்பட்ட ஒன்றுதான் போய்விடுகிறது. மதிப்பெண்கள் எல்லாம் 0.7-க்கு மேல் நெருக்கியடித்து நிற்கும் மாடலில், சதவீத விதியைக் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது.

நெல் போன்ற குறுகிய துறையில் இதைவிட நம்பகமான வழி இருக்கிறது. ஒவ்வொரு பத்திக்கும் அது எந்த நோய், எந்தப் பூச்சி, எந்தச் சத்துக்குறை பற்றியது என்று ஓர் அடையாளம் இட்டுவிடுவது. அடையாளம் ஒன்றாக இருந்தால் அந்தப் பத்தி ஹார்ட் நெகட்டிவ் ஆகவே கூடாது. வேறாக இருந்தால், மதிப்பெண் சரியான பத்தியைத் தாண்டினாலும் எடுக்கலாம். ஒரே தொகுதியில் ஒரே நோய் பற்றிய இரண்டு கேள்விகள் விழாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். விழுந்தால், ஒன்றின் விடை இன்னொன்றுக்குத் தவறு என்று தானாகவே ஆகிவிடும். `sentence-transformers` நிரலகத்தில் அச்சு அசலாக ஒரே உரை திரும்ப வருவதைத் தடுக்கும் வசதி உண்டு, ஆனால் ஒரே நோய் பற்றிய வேறு வேறு பத்திகளை அது தடுக்காது. அதை நாம்தான் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

அடையாளமும் தீர்க்காத ஒன்று உண்டு. "நெல்லு மஞ்சளா இருக்கு, என்ன பண்றது?" என்று மட்டும் ஒருவர் கேட்டால், தழைச்சத்துக் குறை, துத்தநாகக் குறை, பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோ எல்லாமே பொருத்தமான விடைகள்தான். அந்தக் கேள்விக்கு எதையும் தவறு என்று குறிப்பது நியாயமில்லை. அத்தகைய கேள்விகளை ஹார்ட் நெகட்டிவ் இல்லாமல் விடுவதே சரி. எந்தக் கேள்வி போதுமான அளவு குறிப்பாக இருக்கிறது என்பதைப் பயிரை அறிந்த ஒருவர்தான் சொல்ல முடியும். கணினி அறிந்தவர் மட்டும் உட்கார்ந்து இந்த வேலையை முடிக்கவே முடியாது.

தயாரான ஒரு வரிசை, பயிற்சிக் கோப்பில் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
query: நெல்லு எல நுனியிலேருந்து ஓரமா மஞ்சளாயி காயுது, யூரியா போடலாமா
passage: பாக்டீரியா இலைக்கருகல் நோயில் நுனியில் தொடங்கி விளிம்பு வழியே ...
passage: தழைச்சத்துப் பற்றாக்குறையில் முதிர்ந்த இலைகள் நுனியிலிருந்து ...
```

முதல் பத்தி சரி, இரண்டாவது ஹார்ட் நெகட்டிவ். `query: `, `passage: ` என்ற முன்னொட்டுகள் E5 மாடல்களுக்குக் கட்டாயம். பயிற்சியில் போட்டுவிட்டுத் தேடும்போது விட்டுவிட்டால் விடைகளின் தரம் சத்தமில்லாமல் இறங்கும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. மாடலையும் மேலே சொன்ன கணக்கையும் அழைக்க இவ்வளவே போதும்:

```python
from sentence_transformers import SentenceTransformer, losses

model = SentenceTransformer("intfloat/multilingual-e5-base")
loss = losses.MultipleNegativesRankingLoss(model, scale=100.0)
```

சில ஆயிரம் நல்ல வரிசைகள், ஒன்றிரண்டு சுற்றுகள், `2e-5` போன்ற சிறிய கற்றல் வேகம். இவை போதும், ஒரே ஜி.பி.யு.வில் அடங்கிவிடும் வேலைதான். முதல் பயிற்சி முடிந்ததும், தேறிய மாடலைக்கொண்டு மறுபடி தேடிப் புதிய ஹார்ட் நெகட்டிவ்களைப் பொறுக்கி இன்னொரு முறை பழக்குவது நல்லது. பழையவற்றை அது கற்றிருக்கும். இப்போது எங்கே குழம்புகிறது என்பது வேறாக இருக்கும்.

அதிகம் பேசப்படாத ஒரு கோளாறைச் சொல்ல வேண்டும். தழைச்சத்துப் பத்தி எல்லா மஞ்சள் கேள்விகளுக்கும் நெருங்கி வருவதால், பொறுக்கும்போது அது மீண்டும் மீண்டும் ஹார்ட் நெகட்டிவாகவே தேர்வாகும். அது சரியான விடையாக வரும் கேள்விகள் நம் தொகுப்பில் குறைவாக இருந்தால், மாடல் அறிகுறிகளை ஒப்பிடக் கற்காது. அதற்கு ஒரு குறுக்குவழி கிடைத்துவிடும்: அந்தப் பத்தியை எப்போதும் பின்னே தள்ளு. பிறகு உண்மையிலேயே தழைச்சத்துக் குறையால் பயிர் வெளுத்த விவசாயிக்கு அந்தப் பத்தி கிடைக்காமல் போகும். கண்டுபிடிப்பது எளிது. ஒவ்வொரு பத்தியும் எத்தனை முறை சரியாகவும் எத்தனை முறை தவறாகவும் வந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 40 முறை தவறு, 2 முறை சரி என்று எங்கேனும் தெரிந்தால் அங்கே கேள்விகளைக் கூட்ட வேண்டும். "அடி எலையெல்லாம் ஒரே சீரா வெளுத்துப் போச்சு, பயிரும் ஏறல, யூரியா போடலாமா?" என்பது போல, அதே சொற்களோடு விடை மாறும் கேள்விகள். 'நுனி ஓரம்' ஒரு பக்கமும் 'அடி இலை, ஒரே சீராக' இன்னொரு பக்கமும் நின்றால்தான் மாடல் சரியான இடத்தில் கண் வைக்கும்.

தேறியதா என்று பார்ப்பதற்குக் கொஞ்சம் கேள்விகளைப் பயிற்சிக்குக் காட்டாமல் ஒதுக்கி வைக்க வேண்டும். கேள்விவாரியாகக் குலுக்கி ஒதுக்கினால், ஒரே பத்திக்கான ஒரு கேள்வி பயிற்சியிலும் இன்னொன்று தேர்விலும் போய்விடும், மதிப்பெண் பொய்யாக உயரும். பத்திவாரியாகப் பிரியுங்கள். தேர்வில் முதல் 5 இடங்களுக்குள் சரியான பத்தி வந்த கேள்விகள் எத்தனை சதவீதம் என்று எண்ணி, அதை BM25-க்கும் பழக்காத மாடலுக்கும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேறிய மாடல் BM25-ஐவிடப் பின்தங்கினால் தொகுப்பில்தான் கோளாறு. பயிற்சியின் முதல் சில நிமிடங்களிலேயே இழப்பு ஏறக்குறைய பூஜ்யமாகிவிட்டால், தவறான பத்திகள் மிக எளிதானவை. இழப்பு இறங்கிக்கொண்டே போக, தேர்வு மதிப்பெண்ணும் கூடவே இறங்கினால், சரியான விடைகள் தவறு என்று உள்ளே புகுந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். வேளாண்மைக்கு வெளியே பொதுத் தமிழ்க் கேள்விகளிலும் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது. கூகுள் ரிசர்ச் இந்தியா 2021-ல் வெளியிட்ட சாய் தொகுப்பில் தமிழ்க் கேள்விகள் உள்ளன. அதில் பழைய மாடலைவிட வெகுவாகக் குறைந்தால், நெல்லைக் கற்ற வேகத்தில் மற்றதை மறந்திருக்கிறது.

எவ்வளவு பழக்கினாலும் இவ்வகை மாடலுக்கு ஓர் எல்லை உண்டு. 'இடலாம்', 'இடக் கூடாது' இரண்டும் அதன் எண்வரிசையில் நெருங்கியே நிற்கும். மருந்தின் அளவு போன்ற எண்களிலும் அது வலுவற்றது. ஆகவே முதலில் வந்த பத்தியின் ஒரு வரியை வெட்டி விடையாகத் தருவது ஆபத்து. முதல் மூன்று பத்திகளையும் அறிகுறிகளோடு முழுதாகக் காட்டுவதுதான் பொறுப்பான வடிவமைப்பு. விவசாயி தன் வயலைப் பார்த்து ஒப்பிட்டுக்கொள்வார். காய்ந்துவரும் இலையின் ஒரு துண்டை வெட்டித் தெளிந்த நீரில் போட்டால், இலைக்கருகல் நோயில் வெட்டிய முனையிலிருந்து பால்போன்ற கலங்கல் வெளிவரும். அந்தக் குறிப்பு பத்தியோடு சேர்ந்து கண்ணில் பட்டாலே பாதிச் சந்தேகம் தீரும்.

இத்தனைக்கும் மூலப்பொருள் கேள்விகள். பத்திகளுக்குப் பஞ்சமில்லை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தளத்திலேயே தமிழில் ஏராளம் இருக்கிறது. விவசாயியின் வாய்மொழிக் கேள்விகள்தான் கிடைப்பதில்லை. பத்தியைப் பார்த்துக் கேள்வி எழுதச் சொன்னால், மனிதரானாலும் இயந்திரமானாலும், பத்தியின் சொற்களையே திருப்பிப் போட்டு "பாக்டீரியா இலைக்கருகல் நோயின் அறிகுறிகள் யாவை?" என்று எழுதிவிடுகிறார்கள். நோயின் பெயர் தெரிந்தவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார். 2004 முதல் இயங்கும் கிசான் கால் சென்டரின் பதிவுகள் பொதுவில் கிடைக்கின்றன. ஆனால் அழைத்தவர் சொன்னது பெரும்பாலும் ஆங்கிலத்தில் ஒரு வரிச் சுருக்கமாக மாறிவிடுகிறது. 'ஓரமா' என்ற சொல் அங்கேயே தொலைந்துவிடுகிறது.

வேளாண் விரிவாக்க அலுவலர்களுக்கும், உழவர் மையங்களில் தொலைபேசி எடுப்பவர்களுக்கும், உரக்கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் கேள்வியைக் கேட்டவர் சொன்னபடியே, பேச்சுத் தமிழிலேயே, பெயரும் ஊரும் எண்ணும் இல்லாமல் எழுதி வையுங்கள். வயலைப் பார்த்தபின் உண்மையில் என்ன நோய் என்று தெரிந்ததையும், முதலில் எதுவென்று தவறாக நினைத்தீர்கள் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். அந்த மூன்றும் சேர்ந்ததே ஒரு முழுப் பயிற்சி வரிசை.